16 அடிப் பட்டாலையில் ஒரு சீலிங் ஃபேன்: 14 மாத மதிப்புரை

பட்டாலைவாசி | சனி, காலை 7:40

சீலிங் ஃபேனுக்கு மதிப்புரை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மாட்டிய மறுநாளே எழுதிவிடுகிறார்கள். பெட்டி நசுங்காமல் வந்தது, காற்று நன்றாக வருகிறது, ஐந்து நட்சத்திரம் என்று முடித்துக்கொள்கிறார்கள். ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் பார்க்காத ஃபேனைப் பற்றி என்ன சொல்ல முடியும்? அதனால் நான் 14 மாதம் காத்திருந்தேன். கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. 48 அங்குலம், மூன்று இறக்கை, ரிமோட்டில் ஓடும் பிஎல்டிசி வகை, முழு வேகத்தில் 30 வாட்.

மாட்டிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், மதிப்புரையில் பாதி அதுதான். கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பூர்வீக வீடு. பட்டாலை என்கிற கூடத்தில் தரையிலிருந்து உத்தரம் வரை அளந்தால் சரியாக 16 அடி. பர்மா தேக்கு உத்தரம், அதில் ஐயா காலத்துக் கொக்கி. கீழே ஆத்தங்குடிக் கல். ஆத்தா பகல் முழுக்கத் தரையில் பாய் போட்டு அங்கேதான் இருப்பார்கள். வளவு முற்றம் திறந்திருப்பதால் வெளிச்சம் உண்டு, காற்று எப்போதாவதுதான்.

போன வருடம் பொங்கலுக்கு வந்தபோது பெட்டியில் வந்த ராடோடு அப்படியே மாட்டினோம். அந்த ராடு 10 அங்குலம். கொக்கிக்கு 3 அங்குலம், ராடு 10, ராடு முடியும் இடத்திலிருந்து இறக்கை மட்டத்துக்கு 6, ஆக 19 அங்குலம். அதாவது இறக்கை தரையிலிருந்து 14 அடி 5 அங்குலத்தில் சுற்றியது. தை மாதக் குளிரில் யாரும் கவனிக்கவில்லை. சித்திரையில் ஆத்தா சொன்னார்கள்: "சுத்துறது தெரியுது, காத்து மட்டும் வரலைப்பா."

நான் முதலில் ஃபேனைத்தான் குறை சொன்னேன். சேவை மையத்துக்குப் போன் செய்தேன். வந்தவர் வேகத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் மேலே நிமிர்ந்து ராடைப் பார்த்திருந்தால் எனக்கு ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அன்றைக்கு ஊதுபத்தி ஒன்றை நீளக் கம்பில் கட்டி, ஃபேனுக்கு நேர் கீழே தரையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்திப் பார்த்தேன். தரை மட்டத்தில் புகை லேசாக அசைந்தது. 10 அடிக்கு மேலே போன பிறகுதான் அடித்துக்கொண்டு கீழே வந்தது. ஃபேன் தள்ளும் காற்று கீழே வர வரப் பக்கவாட்டில் இருக்கும் காற்றையும் இழுத்துக்கொண்டு அகலமாகிவிடுகிறது, வேகம் செத்துவிடுகிறது. பாயில் உட்கார்ந்தவர் தலை இரண்டரை அடியில் இருக்கிறது. இறக்கைக்கும் தலைக்கும் நடுவே 12 அடி.

வைகாசியில் காரைக்குடியில் 6 அடி ராடு செய்து வாங்கி மாட்டினோம். கணக்கு சுலபம். 16 அடி என்றால் 192 அங்குலம். அதில் கொக்கி 3, ராடு 72, மோட்டார் 6 போனால் 111, அதாவது இறக்கை 9 அடி 3 அங்குலத்தில். ஆறடி ஆள் கையைத் தூக்கினாலும் எட்டாது, உட்கார்ந்தவருக்குக் காற்று வரும். நனைத்துப் பிழிந்த காசித்துண்டு ஒன்றைப் பாய் மேல் நாற்காலியில் போட்டுப் பார்த்தேன். பழைய ராடில் காய 1 மணி 50 நிமிடம் ஆனது. புதிய ராடில் அதே துண்டு, அதே மதிய நேரம், 55 நிமிடம். அதே ஃபேன், அதே வேகம்.

மின்சாரம்: இதற்கு முன் இருந்தது 75 வாட். ஆத்தா இருக்கும் நாட்களில் பட்டாலை ஃபேன் 16 மணி நேரம் ஓடும். 45 வாட் குறைந்தால் நாளுக்கு முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு மாதக் கணக்கில் 43 யூனிட். சாயங்காலம் எங்கள் ஊரில் வோல்டேஜ் இறங்கும்போது பழைய ஃபேன் சோர்ந்து போகும், இது போகவில்லை. எனக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் பெரிது.

ரிமோட்டில் ஒரு தொல்லை. பட்டாலையின் மறுகோடியில் இதே மாடலில் இன்னொன்று மாட்டினோம். ஒரு ரிமோட்டை அழுத்தினால் இரண்டும் கேட்கிறது! ஆத்தாவுக்கு வேகம் குறைத்தால் அந்தப் பக்கம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கும் குறைகிறது.

இப்போது கேள்வி. ஆடி முதல் மார்கழி வரை வீடு பூட்டிக் கிடந்தது. இந்தப் பொங்கலுக்குத் திறந்து போட்டதிலிருந்து ஆத்தா பக்கத்து ஃபேன் ஆடுகிறது. மூன்றாம் வேகத்துக்கு மேல் வைக்கவே பயமாக இருக்கிறது. ஆட்டத்துக்குக் காரணம் தெரியும் வரை நட்சத்திரம் போடப் போவதில்லை.

---

அடுக்ககத்தான் | சனி, காலை 8:15

அருமையான தகவல். எங்கள் சென்னை ஃபிளாட்டில் படுக்கையறை ஃபேன் காற்று போதவில்லை. நானும் ராடை நீளமாக்கலாம் என்று இருக்கிறேன். 3 அடி போதுமா?

---

கம்பிக்காரர் | சனி, காலை 8:50

அடுக்ககத்தான் சார், முதலில் அறை உயரம் சொல்லுங்கள். ஃபிளாட் என்றால் ஒன்பதரை அடி இருக்கும். அதில் 3 அடி ராடு போட்டால் இறக்கை ஐந்தே முக்கால் அடியில் சுற்றும், உங்கள் தலைதான் போகும். உங்களுக்கு வந்த ராடே சரி. மேல் தளத்துக்கும் இறக்கைக்கும் ஒரு அடி இடைவெளி இருந்தால் போதும். அது இல்லாமல் ஒட்டி மாட்டியிருந்தால் ஃபேன் மேலிருந்து காற்றை இழுக்க வழி கிடையாது, அப்போதும் காற்று குறையும். அதை மட்டும் பாருங்கள்.

பட்டாலைவாசி தம்பிக்கு: நான் தேவகோட்டைப் பக்கம், 30 வருடமாக இந்த வேலை. பெரிய வீடுகளில் நீள ராடு நிறையப் போட்டிருக்கிறேன். நாலு கேள்வி. பூட்டுவதற்கு முன் ஆடாமல் ஓடியதா? பூட்டிய பிறகு யாராவது இறக்கையைக் கழற்றித் துடைத்தார்களா? இரண்டு ஃபேனில் ஒன்று மட்டும்தான் ஆடுகிறதா? ஆட்டம் வேகத்தோடு கூடுகிறதா, ஒரு குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் வருகிறதா?

---

அளவுகோல் | சனி, காலை 10:05

நான் இயந்திரப் பொறியாளர். இது ராடின் நீளத்தால் வருவது. 6 அடிக் கம்பியின் நுனியில் நாலரை கிலோ எடை தொங்குகிறது. அதற்கென்று ஒரு இயல்பான ஆட்டம் உண்டு. ஃபேனின் சுழற்சி அதோடு ஒத்துப்போகும்போது ஆட்டம் பெருகும். ராடை 4 அடியாகக் குறையுங்கள், அல்லது மேலே கொக்கியோடு சேர்த்து வெல்டிங் வைத்து அசையாமல் இறுக்கிவிடுங்கள். பிரச்சினை தீர்ந்தது.

---

கம்பிக்காரர் | சனி, காலை 10:30

வெல்டிங் மட்டும் வேண்டாம் தம்பி. கொக்கியில் ரப்பர் புஷ் போட்டுத் தொங்க விடுவதே அது கொஞ்சம் அசையத்தான். அசைந்து தானே நேர் செங்குத்தாக நின்றுகொள்ளும். இறுக்கி வைத்தால் அந்த அசைவெல்லாம் ராடில் போல்ட் போகிற துளையில் போய் உட்காரும். மடக்கி மடக்கிக் கம்பியை உடைக்கிற மாதிரி, ஒரு நாள் அந்த இடத்தில் கீறல் விடும். துளை ஓரத்தில் விரிந்துபோன ராடுகளை நான் கழற்றியிருக்கிறேன்.

நீளம் ஆட்டத்தைப் பெரிதாகக் காட்டும், அதில் நீங்கள் சொன்னது சரி. ஆனால் நீளமே காரணம் என்றால் வைகாசியிலும் ஆடியிருக்க வேண்டும்.

---

தேவகோட்டை ஆச்சி | சனி, பகல் 12:20

இங்கே ஃபேன் தெரிந்தவர்கள் இருப்பதால் கேட்கிறேன். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டு ஃபேன் ரொம்ப மெதுவாகச் சுற்றுகிறது. சாதாரண ஃபேன்தான், ரிமோட் கிடையாது. ஐந்தில் வைத்தாலும் இறக்கையை எண்ணிவிடலாம். புது ஃபேன் வாங்கச் சொல்லி மகன் நிற்கிறான். 12 வருடம் உழைத்த ஃபேன், எனக்கு மனசில்லை.

---

கம்பிக்காரர் | சனி, பகல் 12:45

ஆச்சி, அவசரப்பட்டு வாங்க வேண்டாம். நாள் முழுக்க மெதுவா, சாயங்காலம் மட்டுமா என்று முதலில் பாருங்கள். விடிகாலையில் நன்றாக ஓடி, சாயங்காலம் சோர்ந்தால் அது வோல்டேஜ். எந்நேரமும் மெதுவென்றால் முதல் சந்தேகம் கண்டன்சர். மேல் கிண்ணத்துக்குள் சின்ன டப்பா மாதிரி இருக்கும், மேலே 2.5 என்று போட்டிருக்கும். வருடம் ஆக ஆக அதன் கொள்ளளவு குறையும், ஃபேனும் கூடவே சோரும். ரொம்பக் கெட்டுவிட்டால் சுவிட்ச் போட்டதும் உறுமிக்கொண்டு நிற்கும், கம்பால் தள்ளிவிட்டால் சுற்ற ஆரம்பிக்கும்.

எலக்ட்ரீசியனிடம் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 2.5 காட்ட வேண்டிய இடத்தில் 1.8 காட்டினால் அதுதான். அதே அளவு வாங்கிப் போடச் சொல்லுங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிய அளவு போடுகிறவர்கள் இருக்கிறார்கள், விடாதீர்கள், வைண்டிங் சூடேறும். கண்டன்சர் நன்றாக இருந்தால் பேரிங்கைப் பார்க்கலாம். நிறுத்திய பிறகு கையால் சுற்றிவிட்டால் நாலு சுற்றாவது தானாக வர வேண்டும், டக்கென்று நின்றால் பேரிங்.

---

இரும்புக்காத்தாடி | சனி, பிற்பகல் 2:10

இந்தப் பேச்சையெல்லாம் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. எங்கள் வீட்டில் அப்பத்தா கல்யாணத்துக்கு மாட்டிய வார்ப்பிரும்பு ஃபேன் இன்றைக்கும் ஓடுகிறது. ஆட்டம் என்பதே கிடையாது. இப்போது வரும் ஃபேன்கள் தகரம். பழையதைக் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் விற்றுவிட்டு, அங்கே அதை வெளியூர்க்காரர் வாங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். கனம்தான் ஃபேனுக்கு உயிர். பட்டாலைவாசி பழைய ஃபேனை என்ன செய்தார்?

---

பட்டாலைவாசி | சனி, மாலை 4:30

இரும்புக்காத்தாடி அண்ணன், பழையது விற்கவில்லை. அதில் வைண்டிங் கருகிவிட்டது, மேங்கோப்பில் துணி சுற்றி வைத்திருக்கிறேன்.

கம்பிக்காரர் அண்ணன் கேட்டதற்கு. வைகாசியிலிருந்து ஆனி கடைசி வரை முழு வேகத்தில் ஓடியது. தம்ளர் தண்ணீரை மோட்டார் மேல் வைத்தாலும் தளும்பாது என்று சொல்லுமளவு நின்றது. இறக்கையை யாரும் கழற்றவில்லை. மறுகோடி ஃபேனுக்கும் 6 அடி ராடுதான், அது ஆடவில்லை. ஆட்டம் வேகத்தோடு சீராகக் கூடுகிறது. ஒன்றில் இல்லை, இரண்டில் தெரிகிறது, நான்கில் ராடே வட்டம் போடுகிறது.

---

கம்பிக்காரர் | சனி, மாலை 5:00

அப்படியென்றால் ராடை விடுங்கள். வேகத்தோடு கூடிக்கொண்டே போனால் ஒரு பக்கம் கனம் கூடியிருக்கிறது, அல்லது ஒரு இறக்கை மட்டம் மாறியிருக்கிறது. ஆனாலும் ஏணி போடுகிறபோது மேலே ஒரு தடவை பார்த்துவிடுங்கள். மெயினை அணைத்துவிட்டு ஏறுங்கள், ரிமோட்டில் அணைத்தால் போதாது, உள்ளே மின்சாரம் இருக்கும்.

கொக்கிப் பக்கத்தில் போல்ட் நட்டுக்கு வெளியே ஸ்பிளிட் பின் வளைத்து விட்டிருக்க வேண்டும். ஆட்டத்தில் நட்டு கழன்றாலும் போல்ட் உருவிக்கொள்ளாமல் பிடிக்கிறது அந்தச் சின்னக் கம்பிதான். மேலேயும் ஒன்று, கீழே மோட்டார் சேரும் இடத்திலும் ஒன்று. நிறையப் பேர் இதை மறந்துவிட்டுக் கிண்ணத்தை மூடிவிடுகிறார்கள். கொக்கி இருக்கிற இடத்தில் உத்தரத்தைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள். தேக்கு கணீரென்று சொல்லும், கரையான் இருந்தால் பொத்தென்று சத்தம் வரும்.

அப்புறம் இறக்கை மட்டம். ஒரு நீளக் கம்பைத் தரையில் ஒரே இடத்தில் செங்குத்தாக ஊன்றி, ஒரு இறக்கையின் நுனி எங்கே வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். கம்பை அசைக்காமல் அடுத்த இறக்கையைக் கையால் அதே இடத்துக்குக் கொண்டு வாருங்கள். மூன்று கோடும் மூன்று மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்லது. ஒரு நுனி மட்டும் ஒரு விரல் அளவு கீழே இருந்தால் அந்த இறக்கையின் பிடி வளைந்திருக்கிறது.

---

அளவுகோல் | சனி, இரவு 7:15

ஒத்துக்கொள்கிறேன். வேகத்தோடு சீராகக் கூடுவது ஒத்ததிர்வு கிடையாது. ஒத்ததிர்வாக இருந்தால் ஒரு வேகத்தில் உச்சத்துக்குப் போய்ப் பிறகு அடங்கியிருக்க வேண்டும். ஆனால் இரும்புக்காத்தாடி சொன்னதில் பொருள் உண்டு. உடல் கனமாக இருந்தால் அதே சமனின்மை குறைவாகத்தான் ஆட்டும். நாலரை கிலோ ஃபேனில் 40 கிராம் பிசகுகூடக் கண்ணுக்குத் தெரியும்.

---

மேலவீதி | சனி, இரவு 9:30

எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். நம் முன்னோர் 16 அடி உயரம் வைத்ததே சூடான காற்று மேலே போகட்டும் என்றுதான். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் திரும்பக் கீழே தள்ளுகிறது. செட்டிநாட்டு வீட்டில் சீலிங் ஃபேனே தேவையில்லை. முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் திறந்தால் போதும்.

---

பட்டாலைவாசி | ஞாயிறு, காலை 6:50

மேலவீதி அண்ணன் சொன்னதைப் போன வருடமே கொஞ்சம் சோதித்துப் பார்த்திருக்கிறேன். சித்திரையில் பிற்பகல் மூன்று மணிக்கு ஏணியில் ஏறினால் உத்தரத்துப் பக்கம் முகத்தில் அறையும் சூடு தெரிகிறது, தரையில் அது இல்லை. அதனால் 10 அங்குல ராடில் ஃபேன் அந்தச் சூட்டுக்குள்ளேயே சுற்றியது. 6 அடி ராடில் இறக்கை அதற்கு ரொம்பக் கீழே வந்துவிட்டது. எங்கள் வளவு திறந்திருப்பதால் மேலே சேருவது பெரும்பாலும் அப்படியே வெளியே போகிறது. ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, மேலில் இருக்கும் வியர்வையைத்தான் காய வைக்கிறது. ஆத்தாவுக்கு அது போதும். கதவைத் திறந்தால் போதும் என்பது மார்கழிக்குச் சரி. காற்றே இல்லாத வைகாசி மதியத்தில் இரண்டு பக்கமும் திறந்து வைத்துப் பார்த்திருக்கிறேன், வளவுத் துளசிகூட அசையவில்லை.

---

மேலவீதி | ஞாயிறு, காலை 8:00

வெயில் 40ஐத் தொடும் நாளில் உங்கள் ஃபேன் அடிப்பது அனல்தானே? அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

---

தேவகோட்டை ஆச்சி | ஞாயிறு, காலை 9:10

அந்த நாளில் நாங்கள் ஈரத்துண்டைப் போர்த்திக்கொண்டு ஃபேனுக்குக் கீழே படுப்போம். அனல் தெரியாது. துண்டு காய்ந்துபோனால்தான் தெரியும், திரும்ப நனைத்துக்கொள்ள வேண்டும். வயதானவர்களை வெறும் ஃபேனை நம்பி விட்டுவிடாதீர்கள், தண்ணீர் கேட்டுக் கேட்டுக் கொடுக்க வேண்டும்.

கம்பிக்காரருக்கு: விடிகாலையில் எழுந்து பார்த்தேன், அப்போதும் மெதுவாகத்தான் சுற்றுகிறது. எலக்ட்ரீசியன் செவ்வாய்க்கிழமை வருகிறார்.

---

பட்டாலைவாசி | ஞாயிறு, பகல் 1:40

ஏறிப் பார்த்துவிட்டேன். நடந்ததை முழுக்க எழுதுகிறேன்.

மெயினை அணைத்தோம். சித்தப்பா மகன் ஏணியைப் பிடித்தான். மேலும் கீழும் ஸ்பிளிட் பின் இரண்டும் இருந்தன. ரப்பர் புஷ் விரியவில்லை. உத்தரம் கணீரென்றது, ஆத்தா கீழேயிருந்தே கேட்டுவிட்டு "ஐயா போட்ட மரம்" என்றார்கள். ராடு துளைகளில் விரிசல் இல்லை.

இறக்கை நுனி மட்டம் பார்த்தோம். ஒட்டடைக் கம்பில் பென்சில் கோடு. முதல் இரண்டும் ஒன்றாக வந்தன. மூன்றாவது இரண்டு மில்லிமீட்டர் கீழே. கம்பிக்காரர் சொன்ன எல்லைக்குள்தான். பிடித் திருகுகள் எல்லாம் இறுக்கமாக இருந்தன.

அந்த மூன்றாவது இறக்கையின் மேல்பக்கத்தைத் துடைக்கலாம் என்று துணியோடு கையை விட்டபோது ஏதோ கட்டியாகத் தட்டியது. இறக்கை மோட்டாரோடு சேரும் பிடியின் பள்ளத்தில், மேல்பக்கமாக, ஒரு குளவிக்கூடு. மண்கூடு, காய்ந்து கல்லாகிவிட்டது. கீழேயிருந்து எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியாது. ஆறு மாதம் ஃபேன் ஓடவில்லை, வளவு திறந்திருக்கிறது, குளவி அதன் வேலையைப் பார்த்திருக்கிறது. உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் கூடு. உளியால் நெம்பித்தான் எடுக்க முடிந்தது. சமையல்கட்டுத் தராசில் வைத்தேன்: 38 கிராம்.

மறுகோடி ஃபேனையும் பார்த்தேன். அதில் தூசி மட்டும்தான்.

---

அளவுகோல் | ஞாயிறு, பகல் 2:20

38 கிராமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். மையத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இருந்தது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 350 சுற்றில் அது கிட்டத்தட்ட ஒரு கிலோ எடை தொங்குவது போல ஒரு பக்கமாக இழுக்கும். அந்த இழுப்பின் திசை விநாடிக்கு ஆறு தடவை சுற்றி வருகிறது. வேகம் பாதியானால் இழுப்பு கால் பங்காகிவிடும். அதனால்தான் ஒன்றில் ஒன்றும் தெரியாமல், நான்கில் ராடு வட்டம் போட்டிருக்கிறது. 10 அங்குல ராடில் இதே கூடு இருந்திருந்தால் லேசான நடுக்கம் என்று விட்டிருப்பீர்கள்.

---

கம்பிக்காரர் | ஞாயிறு, பிற்பகல் 3:05

நல்ல வேலை. இப்போது மூன்று இறக்கையையும் ஈரத்துணியால் மேலும் கீழும் துடைத்துவிட்டு, காய்ந்த பிறகு ஒன்றிலிருந்து ஒவ்வொரு வேகமாக ஏற்றுங்கள். அப்புறமும் கொஞ்சம் ஆடினால் ஒரு ரூபாய்க் காசை ஒரு இறக்கையின் மேல் நடுவில் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பாருங்கள். கூடினால் அடுத்த இறக்கை. குறைந்தால் அதே இறக்கையில் நுனிப்பக்கம் நகர்த்திப் பாருங்கள். டேப்பை நன்றாகச் சுற்றுங்கள், காசு பறந்தால் கண்ணுக்கு ஆபத்து.

இறக்கையை எதற்காகக் கழற்றினாலும் எது எந்த இடத்தில் இருந்தது என்று எண் எழுதி வையுங்கள். இரண்டு ஃபேனும் ஒரே மாடல் என்று ஒன்றின் இறக்கையை இன்னொன்றில் போட்டுவிடாதீர்கள். மூன்று மூன்றாக எடை பார்த்துச் சேர்த்துத்தான் பெட்டியில் வைக்கிறார்கள்.

6 அடி ராடு இருப்பதால் இன்னொன்றும் கேட்கிறேன். உள்ளே போகும் ஒயர் முழுசாக ஒரே துண்டா, நடுவில் ஒட்டுப் போட்டிருக்கிறதா?

---

பட்டாலைவாசி | ஞாயிறு, பிற்பகல் 3:40

நடுவில் ஒட்டு இல்லை. மாட்டும்போது பெட்டியில் வந்த ஒயர் எட்டவில்லை. முறுக்கி டேப் சுற்றிவிடலாம் என்றார் மாட்ட வந்தவர். வேண்டாம் என்று சொல்லிப் புது ஒயர் வாங்கி முழுசாக இழுத்தோம். ராடை அறுத்த வாயும் கத்தி மாதிரி இருந்தது, அரம் போட்டுத் தேய்த்த பிறகுதான் ஒயரை விட்டேன்.

முழு வேகம் வைத்துவிட்டோம். ராடு நிற்கிறது. காசு தேவைப்படவில்லை. ஆத்தா பாயை மறுபடி நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். இரண்டு மாதமாகச் சுவர் ஓரத்தில் படுத்திருந்தார்கள், என்னிடம் சொல்லவே இல்லை.

---

இரும்புக்காத்தாடி | ஞாயிறு, மாலை 5:15

குளவி எங்கள் இரும்பு ஃபேனிலும் கட்டியிருக்கிறது. ஆடவில்லை. அவ்வளவுதான் சொல்வேன்.

---

அடுக்ககத்தான் | ஞாயிறு, மாலை 6:00

அளந்தேன். அறை ஒன்பதரை அடிதான். ஆனால் போலிக்கூரை போட்டவர்கள் ராடைக் குறைத்துவிட்டார்கள், இறக்கைக்கும் கூரைக்கும் நடுவே ஐந்து அங்குலம்தான் இருக்கிறது. ஒரு அடி ராடு வாங்கப் போகிறேன்.

பட்டாலைவாசி, ரிமோட் பிரச்சினைக்கு எங்கள் அலுவலகத்தில் ஒரு வழி செய்தார்கள். ஒரு ஃபேனின் உணரிக் கண்ணைப் பாதி டேப் போட்டு மறைத்துவிட்டார்கள். பக்கத்தில் போய் அழுத்தினால்தான் கேட்கும்.

---

பட்டாலைவாசி | திங்கள், காலை 7:05

டேப் ஒட்டிப் பார்த்தேன். மறுகோடி ஃபேன் இப்போது ஆத்தாவின் ரிமோட்டுக்குக் கேட்பதில்லை, ஆனால் பிள்ளையின் ரிமோட்டுக்கும் நாலு அழுத்தில் ஒன்றுதான் கேட்கிறது. வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மதிப்புரையைத் திருத்துகிறேன். மோட்டாருக்கும் காற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். உயரமான கூடத்துக்குத் தனி ராடு வேண்டும் என்று பெட்டியில் ஒரு வரி போடாததற்கு ஒன்று குறைக்கிறேன். ஒரே மாடல் இரண்டு வாங்கினால் ரிமோட் குழம்பும் என்று சொல்லாததற்கு அரை. ஆக மூன்றரை. ஆட்டத்துக்கு ஒன்றும் குறைக்கவில்லை, அது ஃபேனின் தவறு இல்லை.

ஆனியில் பூட்டிக் கிளம்பும்போது இரண்டு ஃபேனுக்கும் பழைய வேட்டியால் உறை கட்டப் போகிறேன். திரும்ப வந்து ஃபேனைப் போடும் முன் உறையைக் கழற்ற மறந்துவிடக் கூடாது என்பதால் சுவிட்ச் மேல் ஒரு சீட்டும் ஒட்ட வேண்டும்.

---

தேவகோட்டை ஆச்சி | செவ்வாய், மாலை 6:30

எலக்ட்ரீசியன் வந்து அளந்தார். 1.6 காட்டியது. புதுக் கண்டன்சர் போட்டாயிற்று. மகன் மேலே பார்த்துவிட்டு இது வேறு ஃபேனா என்று கேட்டான்.

பட்டாலைவாசித் தம்பி, எங்கள் முகப்பு அறை 14 அடி. ராடு எவ்வளவு சொல்வீர்கள்?

---

பட்டாலைவாசி | செவ்வாய், இரவு 7:10

ஆச்சி, 14 அடி என்றால் 168 அங்குலம். இறக்கை 9 அடி 3 அங்குலத்தில் வர 57 அங்குலம் இறங்க வேண்டும். கொக்கியும் மோட்டாரும் 9 எடுத்துக்கொள்ளும், ராடு 48, அதாவது 4 அடி. உங்கள் கொக்கியையும் ஃபேனின் மோட்டார் உயரத்தையும் அளந்து பார்த்துவிட்டு வெட்டச் சொல்லுங்கள். அந்த அறையில் கட்டில் போட்டிருக்கிறீர்களா, பாயா? கட்டில் மேல் ஏறி நின்று கொசுவலை கட்டுகிற வழக்கம் இருந்தால் அரை அடி குறைத்துவிடலாம்.